ஒரே செய்தி, மூன்று பேர்: களத்துத் தகவலைச் சக ஊழியருக்கும் மேனேஜருக்கும் வாடிக்கையாளருக்கும் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், புதிதாகப் பொறுப்பேற்கும் களக் கண்காணிப்பாளர்களும் அலுவலகப் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களும் டிசம்பர் மாத மழையில் உண்மையாகவே எழக்கூடிய ஒரே ஒரு செய்தியைச் சுற்றி அமைந்திருப்பதால், முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

விஷயம் ஒன்றுதானே, அதை எதற்கு மூன்று தடவை எழுத வேண்டும்?

மூன்று பேரும் அந்தச் செய்தியைப் படித்த பிறகு செய்ய வேண்டிய வேலை வேறு வேறு என்பதுதான் காரணம். குடோன் பார்ப்பவர் மூட்டை கட்டுவதை நிறுத்த வேண்டும், மேனேஜர் ஒரு முடிவு சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் தன் கடையில் இருக்கும் சரக்கை வைத்து எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டும். மரியாதைச் சொற்களை மட்டும் கூட்டியும் குறைத்தும் எழுதினால் இந்த மூன்று வேலைகளும் நடக்காது. பலர் "போங்க" என்பதைப் "போகவும்" என்றும், "முடியாது" என்பதை "இயலாது" என்றும் மாற்றிவிட்டு, வாடிக்கையாளருக்கான கடிதம் ஆயத்தமாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எந்தத் தகவல் முதலில் வருகிறது, எது விடுபடுகிறது, எதற்கு நாள் குறிக்கப்படுகிறது என்பவைதான் முதலில் மாற வேண்டியவை, வினைச்சொல்லின் ஈறு அதற்குப் பின்னால் தானாகவே வந்து சேரும்.

மாறவே கூடாதவையும் உண்டு. தேதி, மூட்டை எண்ணிக்கை, காரணம் ஆகிய மூன்றும் எல்லாச் செய்திகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மேனேஜரும் வாடிக்கையாளரும் என்றாவது ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நான் களத்திலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் இதுதான். இதில் என்ன குறை?

> அண்ணே, மழ விட்டும் வெயிலக் காணோம். களத்துல கெடக்கிற காப்பி இன்னும் காயல, மீட்டர்ல 16 காட்டுது. வெள்ளிக்கெழம 40 மூட்டையும் கஷ்டந்தான். குடோன்ல 15 ரெடியா இருக்கு, வேணும்னா அத அனுப்பலாம். ஞாயித்துக்கெழம ராத்திரி ஒரு தார்ப்பா கிழிஞ்சு ரெண்டு மூட்ட அளவுக்கு நனஞ்சிருச்சு, தனியா கொட்டி வெச்சிருக்கேன். மிச்சம் 25 மூட்டைக்குத் தேறும். நாலு நாள் வெயில் அடிச்சா காஞ்சிரும், பாத்துக்கலாம்.

பேச்சாக இது நல்ல செய்தி, ஏனெனில் தேவையான உண்மைகள் அனைத்தும் இதில் இருக்கின்றன. ஆனால் களத்தை நேரில் பார்க்காத ஒருவர் இதைப் படிக்கும்போது மூன்று இடங்களில் தடுமாறுவார்.

முதலாவது "கஷ்டந்தான்" என்ற சொல். நம் பேச்சில் இதற்கு "நடக்காது" என்றுதான் பொருள், முகத்துக்கு நேராக மறுக்க வேண்டாமே என்ற இங்கிதத்தால் அப்படிச் சொல்கிறோம். குரலைக் கேட்டால் அது புரிந்துவிடும். எழுத்தில் குரல் இல்லாததால், சரக்கை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் இதைச் "சிரமப்பட்டாவது அனுப்பிவிடுவார்கள்" என்று தனக்குச் சாதகமாகவே படித்துக்கொள்வார்.

இரண்டாவது "வேணும்னா அனுப்பலாம்" என்ற தொடர். யாருக்கு வேண்டும் என்றால், யார் அனுப்பலாம்? குடோன்காரர் இதை அனுமதியாக எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற்றலாம், மேனேஜர் இதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்லாமல் விடலாம். இரண்டுமே நடக்கக் கூடியவைதான், இரண்டிலும் படித்தவர் மேல் தவறு இல்லை.

மூன்றாவது "காஞ்சிரும், பாத்துக்கலாம்". பேசும்போது "இரும்" என்ற ஈறு ஒரு நம்பிக்கையை மட்டுமே தெரிவிக்கிறது. அதையே "காய்ந்துவிடும்" என்று எழுத்துத் தமிழில் திருத்தி வாடிக்கையாளருக்கு அனுப்பினால், "விடும்" என்ற துணைவினை அதை உறுதிமொழியாக மாற்றிவிடுகிறது. வானத்தை நம்பி உறுதிமொழி கொடுக்க முடியாது.

சரி, அந்த 16 என்பதை எல்லோருக்கும் எழுத வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்ல அந்த எண் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பழத்தின் சதையை நீக்கிக் கழுவிய காபி, மேல்தோலோடு களத்துக்கு வரும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். மெல்லிய பரப்பாக விரித்து, பகலில் அடிக்கடி கிளறி, மாலையில் தார்ப்பாய் போட்டு மூடி, அதை 10 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 12 சதவீதத்தைத் தாண்டிய ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிப்பதற்கும் கொட்டையில் புழுங்கிய வாடை ஏறுவதற்கும் வாய்ப்பு அதிகம். வறுத்த பிறகும் அந்த வாடை போகாது.

ஆகவே 16 என்பது "இன்னும் கொஞ்சம்தான்" என்று தேற்றிக்கொள்ளும் எண் அன்று, "மூட்டை கட்டவே கூடாது" என்று தடுக்கும் எண். குடோன்காரருக்கு அது ஒரு தடை உத்தரவு, அதனால் எழுத வேண்டும். மேனேஜருக்கு அது நீங்கள் சொல்லும் புதிய தேதிக்கான ஆதாரம், அதனால் எந்த நாள், எந்த வேளையில் எடுத்த அளவு என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். வாடிக்கையாளர் காபித்தொழிலில் இருப்பவர் என்றால் எழுதுங்கள், ஏனெனில் அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் உங்கள் தாமதம் சோம்பலால் வந்ததன்று என்பது அவருக்குப் புரிந்துவிடும். தொழிலுக்குப் புறத்தே உள்ளவர் என்றால் "இன்னும் போதிய அளவு காயவில்லை" என்பதே போதுமானது.

சக ஊழியருக்குத்தானே, பேச்சுத் தமிழிலேயே விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம், விட்டுவிடுவதுதான் சரியும்கூட. பத்து வருடமாக "அண்ணே" என்று அழைத்தவருக்குத் திடீரென்று "தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்" என்று எழுதினால், ஏதோ மனத்தாங்கல் வந்துவிட்டது என்றோ, மேலிடத்துக்குக் காட்டுவதற்காகப் பதிவு உண்டாக்குகிறீர்கள் என்றோதான் அவர் நினைப்பார். நம் மொழியில் தேவையற்ற இடத்தில் காட்டும் மரியாதை ஒரு விலகலாகப் படும்.

ஆனால் பேச்சுத் தமிழ் என்பதற்காக வேலையைத் தெளிவில்லாமல் விடக் கூடாது. அவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது முதல் வரியிலேயே வர வேண்டும், காரணம் பின்னால் வரலாம். நான் இப்படி எழுதுவேன்:

> அண்ணே, களத்துக் காப்பிய மூட்ட கட்டிடாதீங்க, இன்னும் 16 காட்டுது. வெள்ளிக்கெழம லோடுக்கு இப்போதைக்குக் குடோன்ல இருக்கிற 15 மூட்டதான். அதையும் மேனேஜர் சரின்னு சொன்னப்புறம் ஏத்துங்க, நான் கேட்டுட்டு இன்னைக்குச் சாயங்காலம் சொல்றேன். நனஞ்ச ரெண்டு மூட்டக் காப்பிய ஷெட்டுக்குள்ள கிழக்கு மூலைல தனியா கொட்டியிருக்கேன், அத எதோடயும் கலக்க வேணாம்.

"வேணும்னா" என்பது போய், யார் சொன்ன பிறகு ஏற்ற வேண்டும் என்பது வந்திருப்பதைக் கவனியுங்கள். மழையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஏனென்றால் அதே மழையில்தான் அவரும் நனைந்தார். நனைந்த காபி எந்த மூலையில் கிடக்கிறது என்பது மற்ற இருவருக்கும் தேவையில்லை, இவருக்கு அதுதான் மிக முக்கியம், தெரியாமல் போனால் அவசரத்தில் ஒரு ஆள் அதை நல்ல காபியோடு சேர்த்து அள்ளிவிடுவார்.

மேனேஜருக்கு எழுதும்போது எதை முதலில் சொல்வது?

பாதிப்பை முதலில் சொல்லுங்கள், அதன் பிறகு காரணம், அதன் பிறகு அவர் தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள். நம்மில் பெரும்பாலோர் கதையைப் போல, ஞாயிற்றுக்கிழமை மேகம் திரண்டதிலிருந்து தொடங்குகிறோம். கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது என்ற வளர்ப்பு நமக்குள் இருக்கிறது, வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் அது நல்ல பழக்கம். வேலையில் இருக்கும் மேனேஜருக்கோ நான்காவது வரி வரை விஷயம் என்னவென்றே தெரியாமல் போகிறது.

> வணக்கம் சார். 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய 40 மூட்டையில் 15 மட்டுமே தயாராக உள்ளது. மீதி 25 மூட்டைக்கான காபி, ஞாயிறும் திங்களும் பெய்த மழையால் காயவில்லை, இன்று (செவ்வாய்) காலை ஈரப்பதம் 16 சதவீதம். நாளையிலிருந்து நான்கு நாள் வெயில் கிடைத்தால் சனிக்கிழமை மாலை காய்ந்துவிடும், திங்கட்கிழமை தோல் நீக்கி, 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ஏற்றலாம்.
>
> 15 மூட்டையை வெள்ளியன்றே அனுப்பினால் நமக்கு வண்டி வாடகை இரண்டு முறை ஆகும். எல்லாவற்றையும் 16ஆம் தேதி ஒன்றாக அனுப்பினால் வாடகை ஒன்றுதான், ஆனால் வாடிக்கையாளருக்கு அதுவரை சரக்கு இருக்காது. வெள்ளியன்று 15 மூட்டையை அனுப்பிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். இன்று மாலை 4 மணிக்குள் சொன்னீர்கள் என்றால் அவருக்கு இன்றே தெரிவித்துவிடுவேன்.
>
> இன்னொரு விஷயம்: ஞாயிறு இரவு தார்ப்பாய் ஒன்று கிழிந்து, இரண்டு மூட்டை அளவுக் காபி மறுபடி நனைந்துவிட்டது. தனியாக வைத்திருக்கிறோம், இந்த ஆர்டரில் சேராது. தார்ப்பாய் இரவல் வாங்கிப் போட்டிருக்கிறேன், புதிதாக ஒன்று வாங்க அனுமதி வேண்டும்.

இது கடித நடையும் அன்று, பேச்சு நடையும் அன்று, இரண்டுக்கும் நடுவில் நிற்பது. "சொன்னீர்கள் என்றால்" என்பதில் பேச்சின் ஓசை இருக்கிறது, ஆனால் வினைமுற்றுகள் முழுமையாக இருக்கின்றன. ஒன்றாக வேலை செய்யும் மேலாளருக்கு இந்த நடுநிலைதான் பொருந்தும். "மேதகு மேலாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்குவது, ஒரே வராந்தாவில் தினமும் ஒன்றாகத் தேநீர் குடிப்பவருக்குச் செயற்கையாக இருக்கும்.

"காய்ந்துவிடும்" என்பதை இங்கே விட்டுவைத்திருக்கிறேன், ஏனெனில் அதற்கு முன்னால் "வெயில் கிடைத்தால்" என்று இருக்கிறது, மேனேஜருக்கு அந்த நிபந்தனையின் கனம் தெரியும். உங்கள் கருத்து எது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வழிகளை மட்டும் அடுக்கிவிட்டு "எப்படிச் செய்யலாம் சார்?" என்று முடித்தால், களத்தைப் பார்க்காதவரிடம் களத்து வேலையைத் தள்ளிவிட்டதாக ஆகும்.

வாடிக்கையாளருக்கான முழுச் செய்தியைக் காட்ட முடியுமா?

மேனேஜர் வெள்ளியன்று 15 மூட்டையை அனுப்பச் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் சேலத்தில் காபிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் கடைக்காரர், மூட்டைக்கு 50 கிலோ வீதம் 40 மூட்டை கேட்டிருக்கிறார்.

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> 12.12 வெள்ளிக்கிழமை தங்களுக்கு அனுப்ப வேண்டிய 40 மூட்டைக் காபிக்கொட்டையில் 15 மூட்டையை அன்றே அனுப்புகிறோம். மீதி 25 மூட்டையை அன்று அனுப்ப இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
>
> ஏற்காட்டில் ஞாயிறு, திங்கள் ஆகிய இரு நாள்கள் பெய்த மழையால் அந்தக் காபி இன்னும் போதிய அளவு காயவில்லை. இன்றைய ஈரப்பதம் 16 சதவீதமாக உள்ளதால், இந்த நிலையில் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். வரும் நாள்களில் வெயில் கிடைத்தால் 16.12 செவ்வாய்க்கிழமை அனுப்ப முடியும் என்று எதிர்பார்க்கிறோம். 13.12 சனிக்கிழமை மாலை ஈரப்பதத்தை மீண்டும் அளந்து, தேதியைத் தங்களுக்கு உறுதிசெய்கிறோம்.
>
> 40 மூட்டையும் ஒன்றாக வந்தால்தான் வசதி என்றால், புதன்கிழமை மாலைக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவது வண்டிக்கான வாடகையை நாங்களே ஏற்கிறோம்.

இதில் முதல் வாக்கியம் கிடைப்பதைச் சொல்கிறது, இரண்டாவது வாக்கியம் கிடைக்காததைச் சொல்கிறது. இந்த வரிசையை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். கடைக்காரர் தன் வாடிக்கைக்காரர்களை எதை வைத்துச் சமாளிப்பது என்றுதான் முதலில் யோசிப்பார், 15 மூட்டை வருகிறது என்பது அந்த யோசனைக்கு உடனே உதவுகிறது. கெட்ட செய்தியும் அடுத்த வாக்கியத்திலேயே வந்துவிடுவதால் மறைத்ததாக ஆகாது.

"நாலு நாள்" என்பது இங்கே தேதியாகவும் கிழமையாகவும் மாறியிருக்கிறது. நாலு நாள் என்பது செய்தி அனுப்பிய நாளிலிருந்தா, படித்த நாளிலிருந்தா, ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. தேதியோடு கிழமையும் எழுதினால், எண் தவறிப்போனாலும் முரண்பாடு கண்ணில் பட்டு, அவர் தொலைபேசியில் கேட்டுவிடுவார்.

வாடகை பற்றிய கடைசி வரியை மேனேஜரிடம் கேட்காமல் எழுதாதீர்கள்.

நான், நாம், நாங்கள் – இதில் எதைப் போடுவது?

இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் தமிழில் எழுதும் நமக்கு "நாம்" என்றும் "நாங்கள்" என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. படிப்பவரையும் சேர்த்துக்கொள்வது "நாம்", படிப்பவரை விட்டு நம் தரப்பை மட்டும் சொல்வது "நாங்கள்".

மேனேஜருக்கு "நமக்கு வண்டி வாடகை இரண்டு முறை ஆகும்" என்று எழுதினேன். அதை "எங்களுக்கு" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், களத்துக்காரர்கள் வேறு, மேனேஜர் வேறு என்பது போலத் தொனிக்கும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது இது தலைகீழாகிறது. "நாம் 16ஆம் தேதி அனுப்பலாம்" என்று எழுதினால், தாமதத்தின் பொறுப்பில் அவரையும் பங்காளியாக்கியது போல இருக்கும், அத்துடன் "அனுப்பலாம்" என்பது அவரிடம் அனுமதி கேட்பது போலவும் படும். அங்கே "நாங்கள்" என்பதும், அதற்கேற்ற "அனுப்புகிறோம்", "எதிர்பார்க்கிறோம்" என்ற முற்றுகளுமே பொருந்தும்.

"நான்" என்பது நீங்களே கைப்பட ஏற்கும் வேலைக்கு மட்டும் உரியது. மேனேஜரிடம் "நான் தெரிவித்துவிடுவேன்" என்று சொல்லலாம். வாடிக்கையாளரிடம் "நான் அனுப்புகிறேன்" என்று எழுதிவிட்டு மறுநாள் நீங்கள் விடுப்பில் போனால், அவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்.

"தாமதம் ஏற்பட்டுள்ளது" என்று எழுதினால் கௌரவமாக இருக்காதா?

இருக்காது. யார் செய்தார்கள், எதனால் நடந்தது என்பதே இல்லாமல் தாமதம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது போல அந்த வாக்கியம் நிற்கிறது. மழை காரணம் என்றால் மழை என்று எழுதுங்கள், நீங்கள் காரணம் என்றால் நீங்கள் என்று எழுதுங்கள். "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்பதும் இதே இனம். அந்தத் தொடரைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்ல இவர்களுக்கு விருப்பமில்லை என்றே படிப்பவர் முடிவுகட்டுகிறார்.

வருத்தம் தெரிவிப்பது ஒரு முறை போதும். முதலில் ஒரு மன்னிப்பு, நடுவில் ஒன்று, "சிரமத்திற்கு மன்னிக்கவும்" என்று கடைசியில் ஒன்று என்று மூன்று முறை வந்தால், விஷயம் சொல்லப்பட்டதைவிடப் பெரியதோ என்ற ஐயம் எழும்.

தார்ப்பாய் கிழிந்த விஷயத்தை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விடுவது மறைப்பதாகாதா?

அவருக்குப் போய்ச் சேரும் சரக்கை அது தொடுகிறதா என்று பாருங்கள். நனைந்த இரண்டு மூட்டை தனியே இருக்கிறது, அவருக்குப் போகும் 25 மூட்டை வேறு, எண்ணிக்கையும் குறையவில்லை. ஆகவே சொல்லாதிருப்பதில் தவறில்லை. அதே காபியிலிருந்து ஒரு கூடையையாவது அவருடைய மூட்டையில் சேர்க்க நேர்ந்தால், மறுபடி நனைந்து காய்ந்த சரக்கு கலந்திருக்கிறது என்பதைச் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாக வேண்டும், ஏனெனில் அப்படிப்பட்ட கொட்டையின் நிறமும் சுவையும் மாறியிருக்கும்.

மேனேஜரிடம் சொல்லாமல் விடுவதுதான் மறைப்பு. அது தோட்டத்தின் நட்டம், அவருடைய கணக்கில் வர வேண்டியது. நான் அதைச் செய்தியின் கடைசிப் பத்தியில் வைத்ததற்குக் காரணம் அவர் இன்றே முடிவு சொல்ல வேண்டிய விஷயத்தை அது மறைத்துவிடக் கூடாது என்பதுதான். தார்ப்பாய் யாருடைய கவனக்குறைவால் கிழிந்தது என்ற விசாரணை எழுத்தில் வேண்டாம், நேரில் பேசிக்கொள்ளலாம்.

எங்க ஊர்ப் பக்கம் எல்லாத்துக்கும் "ங்க" போடுவோம். அது எழுத்தில் வரலாமா?

"சரிங்க", "இல்லீங்க", "வந்துருச்சுங்க" என்று சேலத்திலும் மேற்கே கொங்குப் பகுதியிலும் பேசுவது அழகான மரியாதை, அதை இழக்க வேண்டியதில்லை. சக ஊழியருக்கும், வாட்ஸ்அப்பில் ஒற்றை வரிப் பதிலாக மேனேஜருக்கும் அது நன்றாகவே பொருந்தும். ஆனால் தேதியும் எண்ணிக்கையும் உள்ள ஒரு முழுச் செய்தியை வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது, பாதி வாக்கியம் "தெரிவித்துக்கொள்கிறோம்" என்றும் பாதி "ஆயிருச்சுங்க" என்றும் இருந்தால், இரண்டு பேர் எழுதியது போலத் தெரியும். ஒன்றைப் பிடித்தால் கடைசி வரை அதையே பிடிக்க வேண்டும்.

கடைக்காரர் அப்பா காலத்துப் பழக்கம். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதினால் வருத்தப்பட மாட்டாரா?

படக்கூடும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, மழையில காப்பி காயலைங்க, வெள்ளிக்கிழமை 15 மூட்டைதான் வரும், விவரமா எழுதி அனுப்புறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு எழுதி அனுப்பும் செய்தியை அவர் மட்டுமே படிக்கப் போவதில்லை, கடைக் கணக்குப் பார்ப்பவரும் அவருடைய மகனும்கூடப் படிப்பார்கள். ஆகவே அது முழு எழுத்துத் தமிழில் இருப்பதே நல்லது, தொடக்கத்தில் மட்டும் "அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்" என்று மாற்றிக்கொள்ளலாம். "தங்களுக்கு" என்பதை "உங்களுக்கு" என்று மாற்றினாலும் மரியாதை குறையாது, இறுக்கம்தான் குறையும்.

மூன்றில் எதை முதலில் அனுப்புவது?

குடோனுக்கு. மூட்டையை ஒருமுறை தைத்துவிட்டால் பிரித்துக் கொட்டுவது வீண் வேலை. அடுத்து மேனேஜர், அவருடைய பதில் வந்த பிறகு வாடிக்கையாளர், கடைசியில் மேனேஜர் சொன்ன முடிவோடு மறுபடியும் குடோனுக்கு ஒரு வரி.

அவசரத்தில் களத்து மெசேஜை அப்படியே ஃபார்வர்ட் செய்தால் என்ன ஆகிவிடும்?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இது நடந்தது. களத்திலிருந்து வந்த பேச்சுச் செய்தியை, "கஷ்டந்தான்" என்ற சொல்லோடு, நானே வாங்குபவருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அவர் அதைச் சிரமப்பட்டுத் தருகிறார்கள் என்று புரிந்துகொண்டு, நமக்கு உதவியாக இருக்கட்டும் என்று தன் வண்டியையே வெள்ளிக்கிழமை காலை மேலே அனுப்பிவிட்டார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த அந்த வண்டி, கால்வாசிச் சரக்கோடு இறங்கிப் போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "முடியாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதுமே தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வாடிக்கையாளருக்கு எழுதும் செய்தியில் "அனுப்ப இயலவில்லை" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

சனிக்கிழமைக்குள் மறுபடி மழை பெய்து காபி காயாவிட்டால் என்ன எழுதுவது?

குறித்த மாலையிலேயே எழுதுங்கள், நல்ல செய்தி இல்லை என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். மழைக் கதையை மறுபடி விரிக்க வேண்டாம், அளந்த எண்ணும் அடுத்த தேதியும் போதும். ஒருமுறை தவறிய தேதி என்பதால் இம்முறை அவருக்கு ஒரு வழியையும் திறந்துவையுங்கள், மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு.

> ஐயா, வணக்கம். சொன்னபடி இன்று (13.12, சனிக்கிழமை) மாலை அளந்தோம், ஈரப்பதம் 14 சதவீதம். வியாழன், வெள்ளி இரு நாள்களும் மழை பெய்ததால் 16.12 செவ்வாய்க்கிழமை 25 மூட்டையை அனுப்ப இயலவில்லை. அடுத்து 16.12 மாலை அளந்து, 19.12 வெள்ளிக்கிழமை அனுப்ப முடியுமா என்பதை அன்றே தெரிவிக்கிறோம். அதுவரை காத்திருக்க இயலாவிட்டால், இந்த 25 மூட்டையைத் தாங்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதில் எங்களுக்கு வருத்தமில்லை, தெரிவித்தால் போதும்.